பிளாக் டயகிராமிலிருந்து நிலைத்தன்மைத் தீர்ப்பு வரை: எந்த வழி, எப்போது?

கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் படிப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் தயங்கி நிற்கிறார்கள். பிளாக் டயகிராமைப் படிப்படியாகச் சுருக்குவதா, மேசன் சூத்திரத்தில் போடுவதா, இல்லை நேராகச் சமன்பாடு எழுதிவிடுவதா என்பது முதல் தயக்கம். டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷன் கைக்கு வந்த பிறகு ரூத் அட்டவணையா, மூலங்களைக் கண்டுபிடிப்பதா, போடே வரைபடமா என்பது அடுத்தது. சரியாகச் செய்தால் எல்லாமே ஒரே விடையைத்தான் தரும். ஒவ்வொன்றிலும் பிழை நுழையும் இடமும், கண்ணுக்குப் படாமல் போகும் விஷயமும்தான் வேறு வேறு.

எதை வைத்து ஒப்பிடுவது என்பதை முதலில் சொல்லிவிடலாம்.

- லூப்கள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும்போது வேலை எவ்வளவு கூடுகிறது?
- `K` போன்ற கெயினை எண்ணாக்காமல் எழுத்தாகவே கடைசிவரை கொண்டுபோக முடியுமா?
- தவறு நடந்தால் அது தானாகவே வெளியே தெரியுமா?
- "நிலையானது" என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடுமா, எவ்வளவு நிலையானது என்றும் சொல்லுமா?

## எடுத்துக்கொண்ட அமைப்பு

டிசி மோட்டாரைக் கொண்டு ஓர் அச்சைக் குறிப்பிட்ட கோணத்துக்குத் திருப்பும் சர்வோ இது. பவர் ஆம்ப்ளிஃபயர் `A = 20/(s+20)`. அதாவது, அதன் கால மாறிலி 0.05 விநாடி. மோட்டார் `M = 5/(s+5)`: ஒரு வோல்ட் கொடுத்தால் கடைசியில் விநாடிக்கு ஒரு ரேடியன் வேகத்தில் சுழலும், அந்த வேகத்தை எட்டுவதற்கான கால மாறிலி 0.2 விநாடி. வேகத்தைத் தொகையிட்டால் கோணம் வரும்; அந்த வேலையை `1/s` செய்கிறது. வேகத்தை அளக்கும் டேக்கோமீட்டர் `Kt` உள் லூப். கோணத்தை அப்படியே திருப்பி அனுப்புவது வெளி லூப்.

```
R -->(+)--[K]-->(+)--[A]--[M]--+--[1/s]--+--> Y
     -^         -^             |         |
      |          +----[Kt]-----+         |
      +----------------------------------+
```

எந்த வழியில் இறங்குவதற்கு முன்பும் ஒன்றை எண்ணி ஓரமாகக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். `A`-யில் ஒரு `s`, `M`-இல் ஒரு `s`, இன்டக்ரேட்டரில் ஒரு `s`, ஆக மொத்தம் மூன்று. `K`, `Kt` இரண்டும் வெறும் எண்கள். ஆகவே கடைசியில் டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷனின் கீழே வரும் பகுதி மூன்றாம் படிப் பல்லுறுப்புக்கோவையாக இருந்தாக வேண்டும். இதைச் செய்ய ஐந்து விநாடிகூட ஆகாது. பின்னால் இரண்டு பொறிகளை இதுதான் காட்டிக்கொடுக்கப்போகிறது.

## வழி 1: படிப்படியாகச் சுருக்குவது

உள்ளே இருக்கும் லூப்பை முதலில் மூட வேண்டும். நெகட்டிவ் ஃபீட்பேக் என்பதால் விதி `G/(1+GH)`:

`AM/(1+AM·Kt) = 100/(s² + 25s + 100 + 100Kt)`

இதை `K`-யாலும் `1/s`-ஆலும் பெருக்கி வெளி லூப்பை மூடினால்:

`T = 100K / (s³ + 25s² + 100(1+Kt)s + 100K)`

இரண்டே படியில் முடிந்துவிட்டது. லூப்கள் ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கியிருந்தால் இதைவிட வேகமான வழி கிடையாது. உள் லூப் மட்டும் தனியாக எப்படி நடந்துகொள்கிறது என்பதும் பாதி வழியிலேயே கிடைத்துவிடுகிறது. மோட்டார் டிரைவை அமைப்பவர்கள் வேக லூப்பை முதலில் சரிசெய்து, அதன்பின் கோண லூப்புக்குப் போவார்கள். அவர்களுக்கு அந்த இடைக்கால விடை மிகவும் பயன்படும்.

சிக்கல் குறுக்கு வெட்டில் தொடங்குகிறது. ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டு வோல்டேஜை `Kb` வழியாக எடுத்து முதல் கூட்டுப்புள்ளிக்கே கொண்டுபோகிறோம் என்று வையுங்கள். அந்த லூப்பின் ஒரு முனை டேக்கோ லூப்புக்கு உள்ளே இருக்கிறது, மறுமுனை வெளியே. இனி எதையும் நேராக மூட முடியாது. பிரிபுள்ளியை `M`-க்கு அந்தப் பக்கம் நகர்த்த வேண்டும். நகர்த்தினால் கிளையில் `1/M` சேர வேண்டும், அதாவது `Kb(s+5)/5`.

பெரும்பாலான மதிப்பெண்கள் போவது இந்த இடத்தில்தான். `1/M` சேர்ப்பதற்குப் பதில் `M` சேர்த்தால் பகுதியில் `(s+5)` இருமுறை வந்து நான்காம் படி ஆகிவிடும். மூன்று என்று முன்பே எண்ணிவைத்திருப்பதால் பிழை உடனே தெரியும். `s = 0` போட்டு `T(0) = 1` வருகிறதா என்று பார்க்கும் வழக்கமான சோதனை இந்தப் பிழையைப் பிடிக்காது. இன்டக்ரேட்டர் இருப்பதால், தவறான விடையிலும் `T(0)` ஒன்றாகவே வரும்.

இன்னொரு பிழை அதைவிட நயவஞ்சகமானது: கிளையை நகர்த்திவிட்டு எதையும் சேர்க்காமல் விட்டுவிடுவது. படி மூன்றாகவே இருக்கும், `T(0)`-வும் ஒன்றாகவே இருக்கும். இதைப் பிடிக்க ஒரே வழி, நகர்த்துவதற்கு முன்னும் பின்னும் அந்த லூப்பை ஒருமுறை சுற்றிவந்து வழியிலுள்ள பிளாக்குகளைப் பெருக்கிப் பார்ப்பது. நகர்த்தும் முன் `K·A·Kb` என்றால் நகர்த்திய பின்னும் அதுவேதான் வர வேண்டும்.

## வழி 2: மேசன் சூத்திரம்

எம்ஐடியைச் சேர்ந்த சாமுவேல் மேசன் 1953-இல் சிக்னல் ஃப்ளோ கிராஃபை முன்வைத்தார். இதில் எதையும் நகர்த்தத் தேவையில்லை. குறுக்கு லூப்போடு சேர்த்து நம் அமைப்பில் மூன்று லூப்கள் இருக்கின்றன: `−A·M·Kt`, `−K·A·M/s`, `−K·A·Kb`. மூன்றுமே `A` வழியாகப் போகின்றன, எனவே ஒன்றையொன்று தொடாத ஜோடி ஒன்றுகூட இல்லை.

`Δ = 1 + A·M·Kt + K·A·M/s + K·A·Kb`

முன்னோக்கிய பாதை ஒன்றே ஒன்று, `K·A·M/s`. எல்லா லூப்களும் அதைத் தொடுகின்றன. ஆகவே `T = (K·A·M/s)/Δ`. மேலும் கீழும் `s(s+5)(s+20)`-ஆல் பெருக்கினால் பகுதி இப்படி வரும்:

`s³ + (25+20K·Kb)s² + 100(1+Kt+K·Kb)s + 100K`

வழி 1-இல் அரைப்பக்கம் பிடித்த வேலை இங்கே நான்கு வரியில் முடிகிறது. இன்னொரு சௌகரியமும் உண்டு. கேள்வி நிலைத்தன்மையை மட்டும் கேட்கிறது என்றால் `Δ` போதும், பாதைகளைத் தொடவே வேண்டாம். முழு `T`-யையும் கண்டுபிடித்துவிட்டுத் தொகுதியைத் தூக்கி எறிபவர்கள் தேர்வறையில் நேரத்தை வீணாக்குகிறார்கள்.

இதன் மறைமுகச் செலவு, தொடாத லூப்களில் இருக்கிறது. அமைப்பைச் சற்று மாற்றிப் பாருங்கள். `Kb` ஆம்ப்ளிஃபயரை மட்டும் சுற்றுகிறது, `Kt` மோட்டாரை மட்டும் சுற்றுகிறது. இரண்டும் தொடாதவை. எனவே `Δ`-வில் `A·Kb·M·Kt` என்ற பெருக்கல் உறுப்பும் வர வேண்டும். அடுத்தடுத்து நிற்கும் இரண்டு தனி லூப்களுக்கு `(1+A·Kb)(1+M·Kt)` என்று விரித்தாலே அந்த உறுப்பு வந்துவிடும், சந்தேகம் வேண்டாம்.

அப்படியிருந்தும் அதை விட்டுவிடுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஆம்ப்ளிஃபயர் வெளியீட்டில் முதலில் `Kb`-க்கான பிரிபுள்ளி, அடுத்து `Kt` வந்து சேரும் கூட்டுப்புள்ளி. கிராஃபாக மாற்றும்போது அடுத்தடுத்து இருக்கும் இந்த இரண்டையும் பலர் ஒரே கணுவாக்கிவிடுகிறார்கள். அந்த நொடியே இரண்டு லூப்களும் "தொட்டுவிடுகின்றன", பெருக்கல் உறுப்பு காணாமல் போகிறது. நினைவில் வைக்க வேண்டியது வரிசைதான். கூட்டுப்புள்ளி முதலிலும் பிரிபுள்ளி அடுத்தும் வந்தால் ஒரே கணு போதும். பிரிபுள்ளி முதலில் வந்தால் இரண்டு கணுக்கள் போட்டு நடுவில் கெயின் 1 உள்ள கோடு வரைய வேண்டும்.

## வழி 3: சமன்பாடு எழுதி நீக்குவது

பாடப்புத்தகங்களில் இதற்கு அதிக இடம் கிடைப்பதில்லை. குறுக்கு லூப் உள்ள படங்களுக்கு இதுவே பாதுகாப்பான வழி என்பது என் கருத்து. ஒவ்வொரு சிக்னலுக்கும் ஒரு பெயர் வைக்கிறோம்: முதல் கூட்டுப்புள்ளியின் வெளியீடு `e`, ஆம்ப்ளிஃபயர் வெளியீடு `v`, வேகம் `w`.

```
e = r - y - Kb*v
v = A*(K*e - Kt*w)
w = M*v
y = w/s
```

தந்திரம், வெளியீட்டிலிருந்து பின்னோக்கி நடப்பதில் இருக்கிறது. `w = s·y`. அதனால் `v = s(s+5)y/5`. இவற்றை இரண்டாம் சமன்பாட்டில் இட்டு `5(s+20)`-ஆல் பெருக்கினால்:

`[s(s+5)(s+20) + 100Kt·s + 20K·Kb·s(s+5) + 100K]·y = 100K·r`

மேசன் தந்த அதே பகுதி. பின்னங்களுக்குள் பின்னம் வரவே இல்லை. லூப்களை எண்ணவும் இல்லை, தொடுகிறதா என்று பார்க்கவும் இல்லை. மோட்டாரின் மேல் சுமை விழுந்தால் என்ன ஆகும் என்று அடுத்த கேள்வி வந்தால், மூன்றாம் சமன்பாட்டை `w = M(v − d)` என்று மாற்றினால் போதும். இடப்பக்கப் பல்லுறுப்புக்கோவை அப்படியே நிற்கும், வலப்பக்கத்தில் மட்டும் ஓர் உறுப்பு கூடும். வழி 1-இல் இதற்குப் படத்தைத் திரும்ப வரைய வேண்டும்.

இதன் குறை, படத்தின் உருவம் கண்ணிலிருந்து மறைந்துவிடுவது. எந்த லூப் எந்த உறுப்பைக் கொண்டுவந்தது என்பதை மேசனைப் போல இது பளிச்சென்று காட்டாது.

| | சுருக்குதல் | மேசன் | சமன்பாடு |
|---|---|---|---|
| அடங்கிய லூப்கள் | மிக வேகம் | வேகம் | சற்று நீளம் |
| குறுக்கு லூப்கள் | பிழை அதிகம் | மிக வேகம் | நிதானம், பாதுகாப்பு |
| இரண்டாவது உள்ளீடு | படத்தைத் திரும்ப வரைய வேண்டும் | புதிய பாதைகள், அதே `Δ` | ஓர் உறுப்பு கூடும் |
| வழக்கமான பிழை | நகர்த்தும்போது `M`-ஆ `1/M`-ஆ | விடுபட்ட தொடாத ஜோடி | மைனஸ் குறி |
| தானாகத் தெரியுமா | பாதி நேரம், படி எண்ணிக்கையால் | தெரியாது | சமன்பாட்டைப் படத்தோடு ஒப்பிட்டால் தெரியும் |

## நிலைத்தன்மைக்கு ரூத்

எட்வர்ட் ரூத் 1877-இல் தந்த அட்டவணையின் பலம், `K`-யை எழுத்தாகவே வைத்துக்கொள்ளலாம் என்பது. `Kb` இல்லாத அமைப்புக்கு:

```
s^3 |  1                        100(1+Kt)
s^2 |  25                       100K
s^1 |  100(1+Kt) - 4K           0
s^0 |  100K
```

முதல் நெடுவரிசை முழுதும் நேர்மமாக இருக்க `0 < K < 25(1+Kt)`. டேக்கோ இல்லாவிட்டால் எல்லை 25. `Kt = 1` என்றால் 50. எல்லையில் எந்த அதிர்வெண்ணில் ஆடும் என்பதையும் `s²` வரிசை சொல்லிவிடும். டேக்கோ இல்லாதபோது `25s² + 2500 = 0` என்பதால் விநாடிக்கு 10 ரேடியன். ஒரு வரியில் இவ்வளவு தருவது வேறு எதுவும் இல்லை. "எந்த `K` வரை?" என்று கேள்வி இருந்தால் வேறு வழியைத் தேட வேண்டாம்.

ஆனால் ரூத் தருவது ஆம் அல்லது இல்லை மட்டும்தான். `K = 10`, `Kt = 0` எடுத்துக்கொள்வோம். எல்லை 25, நாம் நிற்பது 10-இல், நிம்மதியாகத்தான் தோன்றும். மூலங்களைக் கண்டுபிடித்தால் `−22.5` என்றும் `−1.23 ± j6.55` என்றும் வருகின்றன. தணிப்பு விகிதம் 0.19 மட்டுமே. 30 டிகிரி திரும்பு என்றால் அச்சு 45-ஐயும் தாண்டிப் போய்ப் பலமுறை ஆடி அடங்கும். ரூத் அட்டவணை இதை "நிலையானது" என்று பாஸ் போட்டு அனுப்பிவிட்டது.

குறுக்கு லூப்போடு பார்த்தால் அது இன்னும் தாராளம் காட்டும். `Kb = 0.1`, `Kt = 0` என்றால் நிபந்தனை `(25+2K)(100+10K) > 100K` ஆகிறது. விரித்துப் பார்த்தால் எந்த நேர்ம `K`-க்கும் இது உண்மை. கெயினுக்கு மேல் எல்லையே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். டேக்கோ ஃபில்டர், அச்சின் முறுக்கு நெகிழ்வு போன்ற எதையும் இந்த மூன்றாம் படி மாதிரியில் நாம் சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.

## மூலங்களை நேராகக் கண்டுபிடிப்பது

எண்கள் முழுதும் தெரிந்திருந்தால் இதுவே சிறந்தது. `K = 10` என்றே வைத்து `Kt = 1` ஆக்கினால் மூலங்கள் `−16.6`, `−4.2 ± j6.5`. தணிப்பு விகிதம் 0.54 ஆகிறது, தாண்டல் 15 சதவீதத்துக்குள் அடங்குகிறது. டேக்கோ செய்த வேலை இங்கே தெளிவாகத் தெரிகிறது. அதற்கு ஒரு விலையும் உண்டு: வேக மாறிலி `K/(1+Kt)` 10-இலிருந்து 5-ஆக இறங்குகிறது. சீராக நகரும் இலக்கைப் பின்தொடரும்போது பிந்தும் கோணம் இரட்டிப்பாகும்.

கணினியில் செய்யும்போது ஒரு பொறி இருக்கிறது:

```python
import control as ct
s = ct.tf('s')
A, M = 20/(s+20), 5/(s+5)
K, Kt = 10, 1
L = K*ct.feedback(A*M, Kt)/s
print(ct.feedback(L, 1).poles())   # 3 poles
print((L/(1+L)).poles())           # 6 poles
```

கடைசி வரி கணக்கின்படி தவறில்லை. ஆனால் `L`-இன் பகுதி மேலும் கீழும் அடிபடாமல் அப்படியே தங்கிவிடுகிறது. ஆறு போல்கள் வரும். அவற்றில் ஒன்று `s = 0`, அல்லது அதற்கு மிக அருகில். அதைப் பார்த்து "விளிம்பு நிலை" என்று எழுதிவிடுவார்கள். மூன்று என்று எண்ணிவைத்தது இங்கேயும் கைகொடுக்கிறது. `feedback` கட்டளை இருக்கும்போது `L/(1+L)` தட்ட வேண்டிய அவசியமே இல்லை. மேட்லாபிலும் இதே கதைதான்.

## போடே: தாமதம் இருந்தால் இதுதான்

மைக்ரோகன்ட்ரோலர் வழியாக லூப்பை மூடும்போது, அளந்து கணக்கிட்டு வெளியே அனுப்ப நேரம் பிடிக்கிறது. அந்தத் தாமதம் `e^(−sT)`, பல்லுறுப்புக்கோவைக்குள் அடங்காது. ரூத்துக்குக் கொடுக்க வேண்டுமென்றால் தோராயமாக மாற்றித்தான் கொடுக்க முடியும். போடே வரைபடத்துக்கு அது வெறும் கூடுதல் ஃபேஸ் இறக்கம்.

மறுபடியும் `K = 10`, `Kt = 0`. லூப் கெயின் 1 ஆகும் அதிர்வெண் விநாடிக்கு சுமார் 6.1 ரேடியன். அங்கே ஃபேஸ் `−90 − 17 − 50.5`, அதாவது சுமார் −157.5 டிகிரி. மிச்சம் இருக்கும் ஃபேஸ் மார்ஜின் 22.5 டிகிரி, அதாவது 0.39 ரேடியன். இதை 6.1-ஆல் வகுத்தால் 0.064 விநாடி. லூப்பில் 64 மில்லி விநாடி தாமதம் சேர்ந்தால் அமைப்பு ஆடத் தொடங்கும் என்று இதற்குப் பொருள். 20 மில்லி விநாடிக்கு ஒருமுறை சாம்பிள் எடுத்து, விடையை அடுத்த சாம்பிளில் அனுப்பினால் மொத்தத் தாமதம் ஏறத்தாழ 30 மில்லி விநாடி. மார்ஜினில் பத்து டிகிரிக்கு மேல் அதிலேயே கரைந்துவிடும்.

மாதிரியே இல்லாமல், கருவியில் அளந்த அதிர்வெண் தரவு மட்டும் இருந்தாலும் இந்த வழி வேலை செய்யும். மற்ற இரண்டுக்கும் அது முடியாது. ஆனால் பிளாண்டிலேயே நிலையற்ற போல் இருந்தால் மார்ஜினை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அப்போது நைக்விஸ்ட் வரைபடத்தில் −1 புள்ளியை எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணியே ஆக வேண்டும்.

## எல்லா வழியும் ஏமாறும் ஓர் இடம்

பிளாண்ட் `1/((s−2)(s+3))`. அந்த நிலையற்ற போலை அடித்துவிடலாம் என்று கன்ட்ரோலராக `K(s−2)/(s+10)` போடுகிறார்கள். சுருக்கினால் `T = K/((s+3)(s+10)+K)`. ரூத் சரி என்கிறது, மூலங்கள் இடப்பக்கம் இருக்கின்றன, போடேயும் அழகாக இருக்கிறது.

ஆனால் பிளாக்குகளில் உள்ள `s`-களை எண்ணினால் மூன்று, பகுதியிலோ இரண்டு. ஒன்று எங்கோ ஒளிந்திருக்கிறது. வழி 3-இல் எதையும் அடிக்காமல் எழுதினால் பகுதி `(s−2)[(s+3)(s+10)+K]` என்று வந்து அது வெளியே தெரிந்துவிடும். பிளாண்டின் நுழைவில் விழும் தொந்தரவிலிருந்து வெளியீடு வரைக்குமான டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷனில் அந்த `(s−2)` பகுதியில் அப்படியே இருக்கிறது.

சிமுலேஷனில் `R`-க்கு மட்டும் ஸ்டெப் கொடுத்துப் பார்ப்பவருக்கு இது தென்படாமலே போகலாம். பிளாண்டின் நுழைவில் 0.001 அளவில் ஒரு சிறு தொந்தரவைச் சேர்த்து ஓடவிடுங்கள். அது `e^(2t)` வேகத்தில் வளரும். ஐந்து விநாடியில் அந்த வளர்ச்சி மட்டுமே 22,000 மடங்கு.